வாடகை 1,800 வெள்ளி, கட்டியது 2,940 வெள்ளி: ஒரு திருமண மண்டபத்தின் விலைத்தாளைத் திருத்திய கதை

திருமணம் முடிந்த மறுநாள் காலை. பெண்ணின் தந்தை மண்டப அலுவலகத்துக்கு வந்தார். ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்பவர். வைப்புத்தொகை 500 வெள்ளியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பந்தல்காரருக்குப் பாக்கியைக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். கையில் கொடுக்கப்பட்டதோ ஒரு பில். வைப்புத்தொகை போக இன்னும் 640 வெள்ளி அவர் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

"சார், இந்தத் தாளைப் பார்த்துத்தானே பணம் கட்டினேன். இதுல எங்க இருக்கு இதெல்லாம்?" என்று அவர் என்னிடம் நீட்டிய விலைத்தாளில் ஐந்தே வரிகள் இருந்தன.

"1,000 பேர் அமரலாம். குளிர்சாதன வசதி உண்டு. அரை நாள் வாடகை 1,800 வெள்ளி. எல்லா வசதிகளும் உள்ளன. கூடுதல் கட்டணங்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டவை."

அந்த மண்டபத்தை நடத்துவது ஓர் ஆலய நிர்வாகம். ஊரையும் பெயரையும் சொல்லப்போவதில்லை. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எழுத்து வேலை என்றால் நிர்வாகத்தினர் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு புதிய விலைத்தாள் எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. எழுத உட்கார்ந்தபோதுதான், இது மொழியைச் சீர்படுத்தும் வேலை அல்ல, மண்டபத்தையே அளந்து பார்க்கும் வேலை என்று புரிந்தது. மற்ற மண்டபத்தாருக்கும், மண்டபம் தேடும் குடும்பங்களுக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

பில்லில் என்ன இருந்தது?

முதலில் அந்தப் பில்லையே எடுத்துக்கொள்வோம். குளிர்சாதனம் வாடகையில் நான்கு மணி நேரத்துக்கு மட்டும்தான் சேர்த்தி. அன்று ஓடியது ஏழு மணி நேரம். கூடுதலாக ஓடிய மூன்று மணிக்கு, மணிக்கு 80 வெள்ளி என்று 240 வெள்ளி. நாற்காலி 400தான் சேர்த்தி. மேலும் 100 நாற்காலிக்கு, ஒன்றுக்கு 1.50 என்று 150 வெள்ளி. மணவறை அலங்காரத்துக்காக முதல் நாள் இரவு கதவைத் திறந்துவிட்டதற்கு 200 வெள்ளி. சமையல்கூடத்துக்கு 150 வெள்ளி. துப்புரவுக்கு 100 வெள்ளி. பகல் 1 மணிக்கு முடிய வேண்டியது 2.20க்கு முடிந்ததால், 1 மணி 20 நிமிடத் தாமதம் இரண்டு மணியாகக் கணக்கிடப்பட்டு, மணிக்கு 150 என்று 300 வெள்ளி.

கூட்டினால் 1,140 வெள்ளி. வாடகையோடு சேர்த்தால் 2,940 வெள்ளி.

இதில் எதுவும் பொய்க் கட்டணம் இல்லை. மின்சாரக் கட்டணம் நிர்வாகம் கட்டுகிறது, துப்புரவாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது, காவலாளி இரவில் காத்திருக்கிறார். ஆனாலும் அந்தத் தந்தை கேட்டது சரியான கேள்வி. பணம் கட்டும் முன் இந்த 2,940 என்ற எண்ணை அவர் வீட்டில் உட்கார்ந்து தானே கணக்கிட வழி இருந்ததா? இல்லை. புதிய தாளுக்கு நாங்கள் வைத்த ஒரே அளவுகோல் இதுதான்: தாளைப் படிக்கும் குடும்பம், மண்டபத்துக்குப் போன் செய்யாமலே, தன் கடைசிப் பில்லைத் தானே போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

தோட்டப்புறத்தில் இந்தச் சிக்கல் முன்பு இருந்ததில்லை. லயத்து வீட்டு முன்னால் பந்தல் போட்டு, அக்கம்பக்கத்தாரே காய்கறி நறுக்கி, விடிய விடிய சமைத்த காலத்தில் மணிக்கணக்கு ஏது, நாற்காலிக் கணக்கு ஏது? தோட்டம் விட்டு டவுனுக்கு வந்த பிறகு, உறவுக்காரர்கள் செய்த ஒவ்வொரு வேலையும் பில்லில் ஒரு வரியாக மாறிவிட்டது. விலைத்தாள் மட்டும் பழைய பேச்சுவாக்கிலேயே நின்றுவிட்டது.

1,000 பேர் என்பது எங்கிருந்து வந்தது?

நாடாவை எடுத்துக்கொண்டு மண்டபத்தை அளந்தோம். அகலம் 60 அடி, நீளம் 100 அடி. ஆக 6,000 சதுர அடி. யாரோ ஒருவர் ஆளுக்கு 6 சதுர அடி என்று வகுத்து 1,000 என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் மணவறை மேடையும் அதன் முன்பகுதியும் 20 அடி ஆழத்துக்கு இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அதுவே 1,200 சதுர அடி. மிச்சம் 4,800.

இந்த 4,800 சதுர அடியில் எத்தனை பேர் என்பது அவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. காலைத் திருமணத்துக்கு நாற்காலிகளை வரிசையாகப் போடுவோம். நடைபாதையையும் சேர்த்தால் ஆளுக்கு 8 சதுர அடி வேண்டும். அப்படியானால் 600 பேர். இரவு விருந்துக்கு வட்ட மேசை போட்டால் கணக்கு வேறு. பத்துப் பேர் அமரும் ஐந்தடி மேசை ஒன்றுக்கு, நாற்காலியை இழுத்து உட்காரவும் பரிமாறுபவர் நடக்கவும் பத்தடிக்குப் பத்தடி இடம் வேண்டும். அதாவது 100 சதுர அடி. பஃபே மேசைகளுக்கும் வரவேற்பு மேசைக்கும் நடுவழிக்கும் 800 சதுர அடி கழித்தால் 4,000 மிஞ்சும். 40 மேசை, 400 பேர்.

ஆக, 1,000 என்று அச்சிட்டிருந்த மண்டபத்தில் விருந்துக்கு வசதியாக அமரக்கூடியவர்கள் 400 பேர்தான். நிர்வாகத்தில் சிலருக்கு முகம் மாறியது. "மற்ற மண்டபமெல்லாம் 1,000, 1,200ன்னு போடுறாங்களே" என்றார்கள். ஆனால் 700 பேரை அழைத்துவிட்டு, 300 பேர் வாசலில் நிற்கும்போது கேள்வி கேட்கப்படுவது மண்டபத்தார்தான். தீயணைப்பு மீட்புத் துறையோ ஊராட்சி மன்றமோ அந்தக் கட்டடத்துக்கு ஓர் உச்ச எண்ணிக்கையைக் கொடுத்திருந்தால், நம் கணக்கு எதுவானாலும் அதற்கு மேல் போகக்கூடாது. அவசரக் கதவுகளின் முன்னால் நாற்காலி போட்டுத்தான் எண்ணிக்கையைக் கூட்ட முடிகிறது என்றால், அந்த எண்ணிக்கையே தவறு.

இத்தோடு முடியவில்லை. காலைத் திருமணத்துக்குச் சாப்பாட்டுக்கூடம் தனி. அங்கே ஆறடி மேசைகள் 25. இலை போட்டால் ஒருவருக்கு இரண்டடி. மேசைக்கு இரு பக்கமும் மூன்று மூன்று பேர் என்று ஒரு பந்தியில் 150 பேர். இந்த எண் பழைய தாளில் இல்லவே இல்லை. ஆனால் அந்தக் குடும்பத்தின் 300 வெள்ளித் தாமதக் கட்டணத்துக்குக் காரணம் இதுதான் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

புதிய தாளில் இப்படி எழுதினோம்: "திருமணச் சடங்குக்கு வரிசை நாற்காலியில் 600 பேர். இரவு விருந்துக்கு வட்ட மேசையில் 400 பேர். சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு பந்திக்கு 150 பேர். கார் நிறுத்த 80 இடம். பேருந்து உள்ளே வராது, சாலையோரம் இறக்கிவிட வேண்டும்." கடைசி வரி சின்னதாகத் தோன்றலாம். தோட்டத்திலிருந்து உறவினரைப் பேருந்தில் அழைத்து வரும் வீட்டாருக்கு அது பெரிய செய்தி.

அதன் கீழே ஒரு குறிப்பும் சேர்த்தோம்: "அழைப்பிதழ் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம், தலை எண்ணிக்கையைச் சொல்லுங்கள்." 150 அழைப்பிதழ் அடித்தவர் "150" என்று பதிவு செய்துவிட்டுப் போவார். ஓர் அழைப்பிதழுக்கு மூன்று நான்கு பேர் வருவது நம் வழக்கம்.

"எல்லா வசதிகளும்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம்

இந்த ஒரு தொடர்தான் அதிகச் சண்டைக்குக் காரணம். குடும்பத்தார் அதைப் படிக்கும்போது தங்களுக்கு வேண்டியதெல்லாம் அதில் அடங்கும் என்று நினைப்பார்கள். மண்டபத்தார் எழுதும்போது தங்களிடம் இருப்பதெல்லாம் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பதிலாக மூன்று பட்டியல்கள் போட்டோம். வாடகையில் சேர்ந்தவை, பணம் கட்டினால் கிடைப்பவை, இங்கே கிடைக்காதவை. மூன்றாவது பட்டியலை அச்சிட நிர்வாகத்துக்குத் தயக்கம். இல்லாததை ஏன் விளம்பரப்படுத்த வேண்டும் என்றார்கள். ஆனால் குடும்பத்தார் கடைசி நேரத்தில் ஓடுவது அந்த மூன்றாவது பட்டியலில் உள்ள பொருள்களுக்காகத்தான். எங்கள் மண்டபத்தில் எரிவாயுத் தோம்பு கிடையாது, பெரிய அண்டா கிடையாது, ஹோம குண்டம் கிடையாது, மேசை விரிப்பு கிடையாது. இதை ஒரு மாதம் முன்பே தெரிந்துகொண்டால் சமையல்காரரிடமும் ஐயரிடமும் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளலாம். காலை ஐந்து மணிக்குத் தெரிந்தால் என்ன செய்வது?

சேர்ந்தவை பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டோம். "நாற்காலி" என்றிருந்தது "400 நாற்காலி" ஆனது. "ஒலிபெருக்கி" என்றிருந்தது "இரண்டு மைக், நான்கு ஸ்பீக்கர், இயக்க ஆள் இல்லை" ஆனது. "மணவறை" என்பது "மரமேடை மட்டும், அலங்காரம் இல்லை" ஆனது. "துப்புரவு" என்பதற்குத் தனியாக ஒரு வாக்கியம் தேவைப்பட்டது: "தரையைக் கூட்டிக் கழுவுவது மண்டபத்தின் வேலை. இலையை எடுப்பது, மீந்த சாப்பாட்டை அகற்றுவது, அலங்காரப் பூவையும் தெர்மோகோலையும் கொண்டுபோவது உங்கள் ஆட்களின் வேலை." அலங்காரக்காரர் விட்டுப்போன குப்பைக்காகக் குடும்பத்தாரின் வைப்புத்தொகையில் கை வைப்பது பல இடங்களில் நடக்கிறது. யார் எதை அகற்ற வேண்டும் என்று முன்பே எழுதிவிட்டால் குடும்பத்தார் அலங்காரக்காரரிடம் பேசி வைத்துக்கொள்வார்கள்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும் என்று மின்வேலை தெரிந்த உறுப்பினர் ஒருவர் பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னது சரிதான். நம் சுவரில் உள்ள 13 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 3 கிலோவாட் வரைதான் இழுக்கலாம். அதே சுற்றில் அலங்கார விளக்கும் டிஜே கருவியும் சாப்பாட்டுச் சூடேற்றியும் சேர்ந்தால் சுவிட்ச் விழும், மண்டபம் இருளும். ஆகவே, "டிஜே, எல்இடி திரை வைப்பவர்கள் தங்கள் ஆளிடம் மொத்த வாட் கணக்கைக் கேட்டு, இரண்டு வாரத்துக்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஜெனரேட்டர் கொண்டுவர வேண்டும்" என்று எழுதினோம்.

உணவு விதியும் இங்கேதான் வர வேண்டும். ஆலய மண்டபம் என்பதால் சைவம் மட்டும், மது கிடையாது. இதைத் தாளின் பின்பக்கத்தில் போடாமல் முதல் பக்கத்திலேயே போட்டோம். இரவு விருந்துக்கு அசைவம் வேண்டும் என்பவர் வேறு மண்டபம் பார்த்துக்கொள்வார். முன்பணம் கட்டிய பிறகு தெரிந்தால்தான் மனக்கசப்பு.

அரை நாள் என்றால் எத்தனை மணி?

நிர்வாகத்தில் ஆறு பேரிடம் தனித்தனியே கேட்டேன். ஒருவர் காலை 6 முதல் 12 என்றார். இருவர் 7 முதல் 1 என்றார்கள். ஒருவர் "முகூர்த்தம் முடிஞ்சு சாப்பாடு முடியிற வரைக்கும்" என்றார். நிர்வாகத்துக்குள்ளேயே ஒத்துப்போகாத சொல்லைக் குடும்பத்தார் எப்படிச் சரியாகப் புரிந்துகொள்வார்கள்? அரை நாள், முழு நாள் என்ற இரண்டையும் தாளிலிருந்து நீக்கினோம். கடிகார நேரம் மட்டும் போட்டோம்.

நேரத்தை முடிவு செய்ய, முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கியும் முன்னோக்கியும் நடந்து பார்த்தோம். முகூர்த்தம் காலை 9 முதல் 10.30 என்று வைப்போம். மணவறை அலங்காரத்துக்கு நான்கைந்து மணி நேரம் வேண்டும். காலையில் அதற்கு நேரம் இல்லை. எனவே முதல் நாள் இரவு கதவு திறந்தே ஆக வேண்டும். அதைத் தனிச் சலுகைபோலக் காட்டி 200 வெள்ளி வாங்குவது, திருமணத்துக்கு மண்டபம் எடுக்கும் ஏறக்குறைய எல்லாரிடமும் வாங்குவதுதான். அப்படியானால் அது வாடகையின் பகுதி. அதேபோல் சமையல்காரர் காலை 5 மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். மண்டபம் 7 மணிக்குத் திறக்கும் என்றால் அவர் எங்கே சமைப்பார்?

இனி முன்னோக்கி. ஒரு பந்தி சாப்பிட்டு எழ 40 நிமிடம். இலை எடுத்து, துடைத்து, அடுத்த இலை போட 10 நிமிடம். அந்தக் குடும்பத்துக்கு வந்தவர்கள் 500 பேர். பந்திக்கு 150 என்றால் நான்கு பந்தி. முதல் மூன்று பந்திக்கு 150 நிமிடம், கடைசிப் பந்திக்கு 40 நிமிடம். மொத்தம் 3 மணி 10 நிமிடம். முதல் பந்தி 10.45க்கு அமர்ந்தது. கடைசிப் பந்தி எழுந்தபோது 1.55. பாத்திரம் கட்டி வெளியேற 2.20. அவர்கள் சோம்பேறித்தனத்தால் தாமதமாகவில்லை. 500 பேரைக் கொண்டுவந்து அந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் 1 மணிக்குள் முடிப்பது கணக்குப்படியே நடக்காத காரியம். அந்தக் கணக்கை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

புதிய தாளில் காலைத் திருமணத்துக்கு ஐந்து நேரங்கள் உள்ளன. முதல் நாள் இரவு 7 முதல் 12 வரை அலங்காரத்துக்கு. காலை 5 மணிக்குச் சமையல்கூடம் திறக்கும். 7 மணிக்கு மண்டபமும் குளிர்சாதனமும். பகல் 1.30க்குக் கடைசிப் பந்தி எழ வேண்டும். 2.30க்குச் சாவி ஒப்படைக்க வேண்டும். இரவு விருந்துக்கு இன்னொன்று கூடுதலாக வேண்டும்: இசையை நிறுத்தும் நேரம். அது மண்டபத்தார் மனம்போல் வைப்பதல்ல. மலாக்காவில் மாநகராட்சி, ஹங் துவா ஜெயா, அலோர் காஜா, ஜாசின் என நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன. உங்கள் மண்டபம் எந்த மன்றத்தின் கீழ் வருகிறதோ, அது உங்கள் அனுமதியில் குறித்த நேரத்தையே போட வேண்டும்.

பந்திக் கணக்கையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டோம். "300 பேர்: 2 பந்தி, 1 மணி 30 நிமிடம். 450 பேர்: 3 பந்தி, 2 மணி 20 நிமிடம். 600 பேர்: 4 பந்தி, 3 மணி 10 நிமிடம்." இதைப் பார்த்தால் 500 பேரை அழைக்கும் வீட்டார், "வராந்தாவில் இன்னும் சில மேசை போட முடியுமா?" என்று தாமே கேட்பார்கள். ஒன்பது மேசை கூடுதலாகப் போட்டால் பந்திக்கு 200 பேருக்குச் சற்று அதிகம். 500 பேர் மூன்று பந்தியில் முடிந்து, 10.45க்குத் தொடங்கினாலும் 1.05க்கு எழுந்துவிடலாம்.

கூடுதல் கட்டணம்: எப்போது, எவ்வளவு, யார் கணக்குப்படி?

"விதிமுறைகளுக்கு உட்பட்டவை" என்ற வாக்கியம் குடும்பத்தாருக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஒவ்வொரு கட்டணத்துக்கும் மூன்று செய்திகள் வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எது நடந்தால் கட்டணம் தொடங்கும், எந்த அளவுக்கு எவ்வளவு, யார் அதைக் குறித்து வைப்பார்.

தாமதக் கட்டணம் இப்போது இப்படி இருக்கிறது: "2.30க்குப் பிறகு முதல் 15 நிமிடம் கட்டணம் இல்லை. அதன்பின் ஒவ்வோர் அரை மணிக்கும் 75 வெள்ளி. அலுவலகக் கடிகாரமே கணக்கு. சாவி ஒப்படைக்கும்போது இரு தரப்பும் நேரத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும்." மணிக்கு 150 என்பதே அரை மணிக்கு 75. தொகை மாறவில்லை. ஆனால் 20 நிமிடத்துக்கு ஒரு முழு மணிக் காசு வாங்குவது நின்றது.

பெரிய வாக்குவாதம் வாடகைத் தொகையில்தான். முதல் நாள் இரவு, சமையல்கூடம், துப்புரவு, தேவையான குளிர்சாதன நேரம் எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி என்று போடலாம் என்றேன். "2,400ன்னு போட்டா, பக்கத்துல 1,800 போடுற மண்டபத்துக்கு ஓடிடுவாங்க சார்" என்றார் பொருளாளர். நியாயமான பயம். ரசீதுப் புத்தகத்தை எடுத்து ஒன்றாகப் பார்த்தோம். 1,800 மட்டும் கட்டிவிட்டுப் போன திருமண வீட்டார் அரிதாகவே இருந்தார்கள். யாரும் கட்டாத விலையை முகப்பில் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் இப்படி முடிவானது: "காலைத் திருமணம் 2,400 வெள்ளி" என்று பெரிய எழுத்தில். அதன் கீழே, "மற்ற மண்டபங்களோடு ஒப்பிடும்போது முதல் நாள் இரவு, சமையல்கூடம், துப்புரவு, குளிர்சாதனம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள்" என்ற ஒரு வரி.

முகப்பில் குறைந்த விலையைக் காட்டி, கட்டாயக் கட்டணங்களைப் பின்னால் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் அது சட்டப்படி தடை. நம் நாட்டிலும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விலையைப் பற்றியும் சேவையைப் பற்றியும் தவறான எண்ணம் தரும் அறிவிப்புகளைத் தடுக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த விதிகளைப் பற்றிய பகுதி 2010 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. சேவை வரியையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பதிவு பெற்ற நிறுவனம் மட்டுமே அதை வசூலிக்கலாம். விலையில் அடங்கியதா, தனியா, இல்லையா என்று ஒரு வரி போதும்.

இரண்டு பணத்தையும் கலக்கக் கூடாது

நம் பேச்சில் முன்பணம், டெபாசிட், புக்கிங் காசு எல்லாம் ஒன்றுதான். தாளில் அவை இரண்டாகப் பிரிய வேண்டும். முன்பணம் வாடகையின் ஒரு பகுதி. தேதியைப் பிடித்துவைக்கக் கட்டுவது. வைப்புத்தொகை சேதத்துக்கான காப்பு. சேதம் இல்லையென்றால் திரும்ப வர வேண்டியது. எங்கள் தாளில் இரண்டும் தனித்தனிக் கட்டத்தில், தனித்தனி ரசீதோடு இருக்கின்றன. வைப்புத்தொகை 14 நாளுக்குள் திரும்பும், எதையாவது கழித்தால் படத்தோடும் கணக்கோடும் எழுத்தில் தரப்படும் என்று எழுதினோம். சாவி வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மண்டபத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, இரு தரப்பும் புலனத்தில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் விதி. சுவரில் இருந்த பழைய விரிசல் யார் தலையிலும் விழாது.

ரத்து செய்தால் என்ன என்பதோடு, தள்ளிவைத்தால் என்ன என்பதும் தாளில் இருக்க வேண்டும். நம் வீடுகளில் நெருங்கிய உறவில் மரணம் நேர்ந்தால் திருமணம் தள்ளிப்போகும். அது ரத்து அல்ல. "நெருங்கிய உறவினர் மறைவால் தள்ளிவைத்தால், 12 மாதத்துக்குள் மண்டபம் காலியாக உள்ள வேறு தேதிக்கு ஒருமுறை கட்டணமின்றி மாற்றலாம்" என்று சேர்த்தோம். ரத்து செய்தால் கட்டிய எல்லாம் போய்விடும் என்ற பழைய விதியையும் மாற்றினோம். ஒப்பந்தத்தில் ஒரு தொகையை எழுதிவைத்ததாலேயே முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, நியாயமான இழப்பீடு என்ற வரம்பை வைக்கிறது. ஆறு மாதம் முன்பே ரத்து செய்த தேதியை வேறொருவருக்கு விட்டுவிடலாம். முதல் வாரத்தில் ரத்தானால் முடியாது. கழிக்கும் தொகையும் அதற்கேற்ப மூன்று படிகளாக இருக்கிறது.

இன்னொன்று. பதிவு செய்ய வரும் பிள்ளைகள் மலாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் தமிழ்த் தாளைப் படிக்கிறார்கள். இரண்டிலும் நேரமும் தொகையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் பகல் 12 என்றும் தமிழ்த் தாளில் அரை நாள் என்றும் இருந்தது.

அச்சுக்கு முன் ஒரு சோதனை

தாளை அச்சகத்துக்கு அனுப்பும் முன், மண்டபத்தோடு சம்பந்தமில்லாத ஐந்து பேரிடம் கொடுத்தோம். அதில் ஒருவர் மெர்லிமாவ் பக்கத்து அம்மா, மகன் திருமணத்துக்கு மண்டபம் தேடிக்கொண்டிருந்தவர். "500 பேர், காலைத் திருமணம், 100 நாற்காலி கூடுதல், ஒன்பது மேசை கூடுதல். எவ்வளவு கட்டுவீர்கள்? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? எவ்வளவு திரும்ப வரும்?" என்று மட்டும் கேட்டோம். முதல் முறை மூன்று பேர் தவறான தொகை சொன்னார்கள். மேசைக்கு 8 வெள்ளி என்பதை நாங்கள் பின்பக்கத்தில் ஒளித்து வைத்திருந்தோம். முன்பக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஐவரும் ஒரே விடை சொன்னார்கள்: 2,400, நாற்காலிக்கு 150, மேசைக்கு 72. மொத்தம் 2,622 வெள்ளி. இந்தக் கணக்கையே எடுத்துக்காட்டாகத் தாளின் அடியில் அச்சிட்டுவிட்டோம்.

மண்டபம் தேடும் குடும்பங்களுக்கும் இதே சோதனை உதவும். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும், உங்கள் தலை எண்ணிக்கையை வைத்துக் கடைசித் தொகையைப் போட்டுப் பாருங்கள். போட முடியவில்லை என்றால், எந்த எண் இல்லையோ அதைக் கேட்டு, பதிலைப் புலனத்திலோ தாளிலோ எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். மீறித் தகராறு வந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் உள்ள பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வழக்கறிஞர் வைக்க முடியாது, மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். அங்கே பேசப்போவது உங்கள் கையில் உள்ள அந்தத் தாளும் ரசீதும்தான்.

அந்தத் தந்தையின் 640 வெள்ளியை நிர்வாகம் கேட்காமல் விட்டுவிட்டது. தாளில் எழுதாததை வாங்க மனம் வரவில்லை என்று தலைவர் சொன்னார். வைப்புத்தொகை 500இல், நேரத்துக்குச் சரியாகக் கணக்கிட்டால் அவர் கட்ட வேண்டிய தாமதக் கட்டணம் எவ்வளவு என்று மீண்டும் பார்த்து, மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவது மகளின் திருமணத்துக்கு அவர் மறுபடி வந்தார். புதிய தாளை வாங்கி, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கள் மேசையிலேயே கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கட்டினார்.